இரண்டு ப்ராம்ப்ட், ஒரு தீர்ப்பு

பேருந்து டிக்கெட் விற்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்கு அதன் செயலியில் ஒரு ஏஐ சாட்பாட் பதில் சொல்கிறது. எப்படிப் பேச வேண்டும், எதை முதலில் கேட்க வேண்டும் என்று அதற்கு எழுதிக் கொடுத்திருக்கும் அறிவுறுத்தல்தான் ப்ராம்ப்ட். இப்போதுள்ள ப்ராம்ப்ட், பணம் திரும்பக் கேட்பவரிடம் விதிமுறைகளை முழுக்க விளக்குகிறது. புதியது முதலில் டிக்கெட் எண்ணைக் கேட்டு, அந்தப் பயணத்துக்கு எவ்வளவு பணம் திரும்ப வரும் என்பதை மட்டும் சொல்கிறது. எது மேல்?

அலுவலகத்தில் நான்கு பேர் உட்கார்ந்து பேசிப் பார்த்தால் புதியதுதான் நன்றாகத் தோன்றும். ஆனால் உண்மையான வாடிக்கையாளர் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக எழுதுவார், டிக்கெட் எண்ணைத் தொலைத்திருப்பார், கோபத்தில் இருப்பார். அதனால்தான் வருகிற வாடிக்கையாளர்களையே இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழையதையும் மறு பாதிக்குப் புதியதையும் கொடுத்துப் பார்க்கிறார்கள். இதை ஏ/பி சோதனை என்பார்கள்.

பிரிப்பது குலுக்கல் முறையில் நடக்க வேண்டும். காலையில் வருபவருக்குப் பழையது, மாலையில் வருபவருக்குப் புதியது என்று பிரித்தால் நாம் அளப்பது ப்ராம்ப்டை அல்ல, காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசத்தை. ஒருவருக்கு ஒரு முறை விழுந்த பக்கம் கடைசிவரை மாறவும் கூடாது. அதற்காக வாடிக்கையாளரின் கணக்கு எண்ணை வைத்தே கணினி பக்கத்தைத் தீர்மானிக்கும். ஒரே ஆள் பத்து முறை வந்து கணக்கைச் சாய்த்துவிடாமல் இருக்க, ஒவ்வொருவரின் முதல் உரையாடலை மட்டும் எண்ணுவது நல்லது.

அடுத்தது, வெற்றி என்று எதைச் சொல்வது? ‘ஊழியரிடம் போகாமல் முடிந்த உரையாடல்’ என்று வைத்தால் ஒரு பொறி இருக்கிறது. ஊழியரிடம் பேசும் வழியையே சொல்லாமல் மழுப்புகிற ப்ராம்ப்ட் இந்த அளவுகோலில் ஜெயித்துவிடும். சலித்துப்போய் வெளியேறியவரும் திருப்தியோடு போனவரும் கணக்கில் ஒன்றாகிவிடுவார்கள். ஆகவே, ஊழியரிடம் போகாமல் முடிந்து, 3 நாளுக்குள் அதே கேள்வியோடு அவர் திரும்பியும் வராவிட்டால்தான் வெற்றி என்று வைப்போம்.

இனி, எத்தனை உரையாடல் போதும்? பக்கத்துக்கு 100 பார்த்ததில் பழையதில் 60, புதியதில் 66 வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொண்டாட வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே ப்ராம்ப்டைக் கொடுத்திருந்தாலும், 10 சோதனையில் 4-ல் இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவே வந்துவிடும்.

துறையில் புழங்கும் ஒரு சுருக்கு வழி உண்டு. இப்போதைய வெற்றி 60%, தோல்வி 40%. 0.6-ஐ 0.4-ஆல் பெருக்கி, அதை 16-ஆல் பெருக்கினால் 3.84. நாம் கண்டுபிடிக்க விரும்பும் முன்னேற்றம் 3 புள்ளி என்றால், 0.03-இன் வர்க்கமான 0.0009-ஆல் வகுக்க வேண்டும். வருவது ஏறத்தாழ 4,270, அதுவும் ஒரு பக்கத்துக்கு. 6 புள்ளி முன்னேற்றத்தைத் தேடினால் அதில் கால்வாசி போதும். சின்ன வித்தியாசத்தைப் பிடிக்கத்தான் பெரிய கூட்டம் தேவைப்படுகிறது. இவ்வளவு பார்த்தாலும், உண்மையில் இருக்கிற முன்னேற்றம் ஐந்தில் ஒரு முறை கண்ணில் படாமல் தப்பிவிடலாம்.

நாளுக்கு 650 புதிய வாடிக்கையாளர்கள் வந்தால், 14 நாளில் பக்கத்துக்குச் சுமார் 4,500 பேர் சேர்ந்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்பும் கூட்டம் வேறு, செவ்வாய்க்கிழமை கூட்டம் வேறு என்பதால் முழு வாரங்களாக நடத்துவதே சரி.

இடையில் பெரிய சபலம், தினமும் எட்டிப் பார்ப்பது. வழக்கமாக 5% தவறான வெற்றிக்கு இடம் கொடுத்துத்தான் சோதனையை அமைப்பார்கள். பத்து முறை பார்த்து, ஏதாவது ஒரு பக்கம் அந்த 5% எல்லையைத் தாண்டி முந்தியதாகத் தெரிந்த முதல் நாளிலேயே நிறுத்தினால், அந்தத் தவறு 19% அளவுக்கு ஏறிவிடும். சோறு பொங்கும்போதே பானையை இறக்குவது போலத்தான். வாடிக்கையாளருக்குத் தவறான தொகை சொல்லப்படுவது போன்ற விபரீதம் தெரிந்தால் மட்டும் பாதியில் நிறுத்தலாம்.

14 நாள் முடிவில் பழையதில் 4,500-க்கு 2,700, புதியதில் 2,835 என்று வந்தால், 60-க்கு எதிராக 63%. உண்மையான முன்னேற்றம் 1 புள்ளிக்கும் 5 புள்ளிக்கும் இடையே இருக்கும் என்று நம்பலாம். புதியதை எல்லோருக்கும் கொடுத்துவிடலாம். இரண்டு பக்கமும் பாதிப்பாதியாக வராமல் 4,800, 4,200 என்று வந்திருந்தால் மட்டும் தீர்ப்பே வேண்டாம். பிரிப்பதிலோ பதிவதிலோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

இப்படி ஒரு சோதனையைத் தொடங்குபவர்கள் எது வெற்றி, எத்தனை பேர், எந்தத் தேதியில் முடிவு என்ற மூன்றையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். எண்களைப் பார்த்த பிறகு இவற்றை முடிவு செய்தால், பிடித்த ப்ராம்ப்டே எப்போதும் ஜெயிக்கும்.