கைச் சைகையில் மொழியின் அடிப்படைக் கூறுகள்

மொழி என்றவுடன் நம் நினைவிற்கு வருவது ஒலியே. ஆகவே, காது கேளாதோர் தமக்குள் வழங்கும் சைகைகளை மொழி என ஒப்ப, அறிஞர்களும் நெடுங்காலம் தயங்கினர். அவை பொருள்களின் உருவத்தைக் காற்றில் வரைந்து காட்டும் சித்திரங்களே என்றும், அவற்றைச் சிறு கூறுகளாகப் பகுக்க இயலாது என்றும் கருதப்பட்டது. இக்கருத்தை மாற்றியவர் வில்லியம் ஸ்டோக்கி. இவர் 1955-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் காது கேளாதோர்க்கென நடைபெறும் காலடெட் கல்லூரிக்கு ஆங்கில ஆசிரியராக வந்தார். மாணவர்களின் சைகைகளை உற்று நோக்கி, அவற்றின் அமைப்பை விளக்கும் நூலை 1960-இல் வெளியிட்டார்.

மூன்று கூறுகள்

தமிழில் ‘கரம்’, ‘மரம்’ என்னும் சொற்களை எடுத்துக்கொள்வோம். முதலொலி ஒன்றே மாறுகிறது, பொருளும் மாறுகிறது. பொருளை வேறுபடுத்தும் இத்தகைய ஒலியை மொழியியலார் ஒலியன் என்பர். இதே சோதனையைச் சைகைகளுக்கும் செய்து பார்க்கலாம் என்பதே ஸ்டோக்கியின் எண்ணம்.

அமெரிக்கச் சைகை மொழியில் ‘கோடைக்காலம்’ என்பதற்குச் சுட்டுவிரலை நீட்டி, நெற்றியின் குறுக்கே பக்கவாட்டில் இழுத்து, இழுக்கும்போதே விரலைக் கொக்கி போல மடக்குவர். வியர்வையை வழித்தெறியும் செயலின் சித்திரம் இது என்று பார்ப்பவர்க்குத் தோன்றலாம். ஆனால் அதே விரலை, அதே அசைவுடன் மூக்கின் அருகே இழுத்தால் ‘அழகற்றது’ என்று பொருள்படும். மோவாயின் குறுக்கே இழுத்தால் ‘உலர்ந்தது’ என்று பொருள்படும். இங்கே கையின் வடிவமும் அசைவும் மாறவில்லை; இடம் ஒன்றே மாறியது. எனவே இடம் என்பது பொருளை வேறுபடுத்தும் தனிக் கூறு என்பது தெளிவாகிறது.

அடுத்து, வடிவத்தைக் காண்போம். மடக்கிய சுட்டுவிரலின் கணுவைக் கன்னத்தில் வைத்துத் திருகினால் ‘ஆப்பிள்’ என்று பொருள். அதே இடத்தில், அதே திருகலுடன், நீட்டிய சுட்டுவிரலின் நுனியை வைத்தால் ‘மிட்டாய்’ என்று பொருள். மூன்றாவது அசைவு. ஒரு கையின் முதலிரு விரல்களை மறுகையின் இரு விரல்கள்மேல் ஒருமுறை அமர்த்தினால் ‘உட்கார்’. சிறு அசைவாக இருமுறை அமர்த்தினால் ‘நாற்காலி’.

ஸ்டோக்கி, காது கேளாதவர்களான டாரதி காஸ்டர்லைன், கார்ல் குரோனெபர்க் ஆகிய இருவருடன் சேர்ந்து 1965-இல் ஓர் அகராதியை வெளியிட்டார். அதில் 12 இடங்களும், 19 கைவடிவங்களும், 24 அசைவுகளும் ஆக 55 குறிகளைக் கொண்டு சைகைகள் யாவும் எழுதப்பட்டன. உள்ளங்கை நோக்கும் திசையையும் தனிக் கூறாகக் கொள்ளவேண்டும் என்று பின்வந்தோர் காட்டினர்.

கை தடுமாறும்போது

இப்பகுப்பு ஆராய்ச்சியாளரின் கற்பனையன்று; சைகை செய்வோரின் உள்ளத்திலும் இவை தனித்தனியாகவே உள்ளன என்பதற்குச் சான்று உண்டு. விரைந்து பேசுகையில் நம் நா தடுமாறி, ஒரு சொல்லின் ஒலி மற்றொன்றில் புகுந்துவிடுவது போலவே, சைகையிலும் கை தடுமாறுவதுண்டு. அமெரிக்கச் சைகையில் ‘நோயுற்ற’ என்பது மடங்கிய நடுவிரலால் நெற்றியிலும், ‘சலிப்புற்ற’ என்பது சுட்டுவிரலால் மூக்கின் பக்கத்திலும் செய்யப்படுவது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துச் செய்த ஒருவரின் கையில், நெற்றிக்குச் சுட்டுவிரலும் மூக்கிற்கு நடுவிரலும் சென்றன. இடமும் அசைவும் தத்தம் நிலையில் நிற்க, வடிவங்கள் மட்டுமே இடம் மாறின. சைகை பகுக்க முடியாத முழுச் சித்திரமாயின், அதன் ஒரு கூறு மட்டும் பெயர்ந்து செல்ல வழியில்லை.

வரிசையும் உடனிகழ்ச்சியும்

ஒலிமொழிக்கும் சைகை மொழிக்கும் உள்ள முதன்மையான வேற்றுமை இனித்தான் வருகிறது. ‘கதை’, ‘தகை’ என்னும் சொற்களை நோக்குக. இரண்டிலும் ஒலியன்கள் அவையே. அவை வரும் முறையே வேறு. பேச்சு ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாக, மணிகளைக் கோத்தாற்போல் வருவதால், வரிசையே பொருளைத் தாங்க இயலுகிறது. ‘கோடைக்காலம்’ என்னும் சைகையிலோ, வடிவம் முதலில், இடம் அடுத்து, அசைவு இறுதியில் என்ற வரிசை இல்லை. கை வடிவின்றி ஓரிடத்தில் இருக்க முடியாது. இடமின்றி அசையவும் முடியாது. மூன்றும் ஒரே வேளையில் நிகழ்கின்றன. கண்ணும் அவற்றை ஒருங்கே பற்றுகிறது.

இதன் காரணத்தை உறுப்புகளின் இயல்பில் காணலாம். நாவும் உதடும் சிறியவை, விரைந்து இயங்குவன. கையும் தோளும் பெரியவை, மெல்ல இயங்குவன. அமெரிக்காவில் உர்சுலா பெலூகி, சூசன் ஃபிஷர் ஆகியோர் 1972-இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழியும் அறிந்தோர் ஒரே கதையைப் பேசியும் சைகையிலும் கூறினர். ஒரு நொடியில் பேசிய சொற்கள், செய்த சைகைகளைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இருந்தன. ஆயினும், கருத்துகளைக் கூற இரண்டிற்கும் ஏறக்குறைய ஒரே நேரமே பிடித்தது. ஒவ்வொரு சைகையும் மிகுதியாகத் தாங்குவதே இதற்குக் காரணம். ‘கொடு’ என்னும் சைகை தன்னிடமிருந்து எதிரிலிருப்பவரை நோக்கிச் சென்றால் ‘நான் உனக்குக் கொடுக்கிறேன்’ என்றாகும். திசை திரும்பினால் ‘நீ எனக்குக் கொடுக்கிறாய்’ என்றாகும். மூன்று சொற்களின் வேலையை ஓர் அசைவு செய்துவிடுகிறது.

எல்லை எங்கே?

எனினும், பேச்சு முழுதும் வரிசை, சைகை முழுதும் உடனிகழ்ச்சி என்று கொள்வது பிழை. சீன மொழியில் சுரம் உயிரொலியின்மீதே ஏறி வருகிறது. ‘ப்’ என்னும் ஒலியிலும் உதடு மூடுதலும் காற்றடைப்பும் ஒருங்கே நிகழ்கின்றன. மறுபுறம், சைகையினுள்ளும் முன்பின் உண்டு என்பதை லிடெல், ஜான்சன் ஆகியோர் 1989-இல் விரிவாகக் காட்டினர். ‘காது கேளாதவர்’ என்னும் அமெரிக்கச் சைகையில் சுட்டுவிரல் காதருகிலும் பின்னர் மோவாய் அருகிலும் தொடுகிறது. ‘தந்தை’ என்பது நெற்றியில் செய்யப்படுவதாகையால், அதன்பின் இச்சைகை காதருகே தொடங்குகிறது. மோவாயில் செய்யப்படும் ‘தாய்’ என்பதன்பின் வந்தால், கீழிருந்து மேலாக மாறித் தொடங்கலாம். தொடக்கமும் முடிவும் தனித்தனியே இல்லையேல் இவ்விடமாற்றம் நிகழாது. ஆனால் இங்கு வரிசை மாறியும் பொருள் மாறவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். ‘கதை’யைத் ‘தகை’யாக்கும் பணியைச் சைகையில் வரிசை மிக அரிதாகவே செய்கிறது.

களத்தில் குறிப்பெடுப்போர்க்கு

இந்தியச் சைகை மொழி அமெரிக்க மொழியினின்றும் வேறானது. அதன் விரலெழுத்துகள் இரு கைகளாலும் அமைவன. அமெரிக்க எழுத்துகள் ஒரு கையால் அமைவன. இந்தியச் சைகை மொழி ஆய்வு பயிற்சி மையம் 2018-இல் 3,000 சொற்களுடன் வெளியிட்ட அகராதி, 2021-இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. மேற்கூறிய 55 குறிகளை நம் நாட்டுச் சைகைகளுக்கு அப்படியே பொருத்தலாகாது. பொருத்தத்தக்கது சோதிக்கும் முறையே.

ஒரு சைகையைப் பதியும்போது ‘நெற்றியைத் துடைப்பது போல’ என்று எழுதுதல் பயன் தராது. எவ்விரல்கள் நீண்டன, உள்ளங்கை எத்திசை நோக்கியது, எவ்விடம், எவ்வகை அசைவு, எத்தனை முறை என்று தனித்தனியே எழுதுக. பின்னர் ஒரு கூறினை மட்டும் மாற்றிச் செய்துகாட்டி, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவரிடம் கேட்க. ‘அது வேறு சொல்’ என்றால், மாற்றியது பொருளுடைய கூறு. ‘அதே சொல்தான், சற்றுத் திருத்தமின்றி இருக்கிறது’ என்றால், அவ்வேற்றுமை அம்மொழிக்கு ஒரு பொருட்டன்று. அமெரிக்கச் சைகைகளில் மூடிய முட்டியின் பெருவிரல் பக்கத்தில் நின்றாலும் விரல்களின்மேல் படிந்தாலும் ஒரே வடிவமென ஸ்டோக்கி கணக்கிட்டது இவ்வாறே. ஆனால் விரலெழுத்தில் அவ்விரண்டும் வெவ்வேறு எழுத்துகள். எது வேற்றுமை, எது வேற்றுமையன்று என்பதைப் பார்ப்பவரின் கண் முடிவு செய்வதில்லை. அம்மொழியே முடிவு செய்கிறது.