பிறக்கும் முன்பே வந்த லாபம்

கூட்டாளிகள் நடத்திவந்த ஜவுளிக்கடை ஒன்றை ஒரு கம்பெனி வாங்குகிறது என்று கொள்வோம். 2023 ஏப்ரல் 1 முதல் வியாபாரம் கம்பெனியைச் சேரும் என்பது ஒப்பந்தம். ஆனால் கம்பெனி பதிவானதோ ஆகஸ்ட் 1-இல்தான். 2024 மார்ச் 31-இல் கணக்கு முடிக்கும்போது பன்னிரண்டு மாத லாபமும் ஒரே தொகையாக நிற்கிறது. இதில் முதல் நான்கு மாத லாபம் கம்பெனி உழைத்துச் சம்பாதித்தது அல்ல, கடையோடு சேர்த்து விலைக்கு வாங்கியது. ஆகவே அதிலிருந்து டிவிடெண்ட் கொடுக்கக்கூடாது. அது மூலதனக் காப்புக்குப் போகும். இல்லையென்றால் நற்பெயருக்குக் கொடுத்த விலையில் கழிக்கப்படும்.

நான்கு மாதம், எட்டு மாதம் என்று லாபத்தை அப்படியே 1:2 ஆகப் பிரித்தால் என்ன என்று தோன்றும். அங்கேதான் தவறு நுழைகிறது. ஜவுளி வியாபாரம் மாதாமாதம் ஒரே மாதிரி நடப்பதில்லை. தீபாவளியை ஒட்டி அக்டோபர், நவம்பர் மாதங்களில் விற்பனை இரு மடங்கு என்றும், மற்ற மாதங்களில் சமம் என்றும் வைப்போம். பதிவுக்கு முன் 4 பங்கு. பின் ஆறு மாதத்துக்கு 6, இரண்டு மாதத்துக்கு 4, ஆக 10. விற்பனை விகிதம் 2:5.

மொத்த லாபம் 14 லட்சம். அது விற்பனையால் வருவது, அதனால் 4 லட்சமும் 10 லட்சமுமாகப் பிரிகிறது. ஒரு ரூபாய் விற்பனைக்குக் கிடைக்கும் லாபம் ஆண்டு முழுக்க மாறவில்லை என்ற அனுமானம் இதற்குள் இருக்கிறது. தீபாவளிக்குப் பெரிய தள்ளுபடி கொடுத்திருந்தால் இந்தப் பிரிப்பு சரிவராது.

செலவை, அது எதைப் பின்பற்றி ஏறுகிறது என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். வாடகையும் சம்பளமும் 4.8 லட்சம்; கடை காலியாக இருந்தாலும் நாள் நகர ஏறும் செலவு, எனவே கால விகிதத்தில் 1.6, 3.2. விளம்பரமும் கமிஷனும் 1.4 லட்சம், விற்பனை விகிதத்தில் 0.4, 1.0. இயக்குநர் கட்டணம் 1.5 லட்சம் முழுதும் பதிவுக்குப் பிந்தையது, கம்பெனி இல்லாமல் இயக்குநர் ஏது?

பலர் சறுக்குவது விற்றவருக்குத் தரும் வட்டியில். கடையின் விலை 10 லட்சத்தைக் கம்பெனி செப்டம்பர் 30-இல் கொடுக்கிறது. ஏப்ரல் முதல் 12 சதவீத வட்டி, 60,000 ரூபாய். இது ஆறு மாதத்துக்கான வட்டி மட்டுமே. பதிவுக்கு முன் நான்கு மாதம், பின் இரண்டு மாதம். 40,000, 20,000 என்று பிரியும். பழக்கத்தில் 1:2 என்று போட்டுவிட்டால் தொகைகள் தலைகீழாகிவிடும்.

கழித்துப் பார்த்தால் பதிவுக்கு முந்தைய லாபம் 1.6 லட்சம், பிந்தையது 4.1 லட்சம். இரண்டையும் கூட்டினால் ஆண்டு நிகர லாபமான 5.7 லட்சம் வருகிறது. இந்தக் கூட்டல் சரியாக வந்தாலும் விகிதம் சரி என்று ஆகாது. அந்த 5.7 லட்சத்தையே 1:2 ஆகப் பிரித்திருந்தால் 1.9, 3.8 என்று வந்திருக்கும். கூட்டல் அப்போதும் பொருந்தும், ஆனால் டிவிடெண்டுக்கு உரிய லாபம் 30,000 ரூபாய் குறைந்திருக்கும்.