பில்லோடு போகும் நாலு வரி

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பராமரிப்புக் கையேட்டைத் தமிழில் செய்து தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலையை வாங்கியது உற்பத்திப் பிரிவு. பணம் போடுவது கணக்குப் பிரிவு. அங்கே இருப்பவர் கையேட்டைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பில்லுடன் அனுப்பும் குறிப்பு அவருக்காகத்தான். ‘பில் இணைத்துள்ளேன், நன்றி’ என்று மட்டும் எழுதினால் அவர் விசாரிக்கத் தொடங்குவார். பில் அந்த மாதக் கட்டில் சேராமல் போகும்.

இப்படி எழுதிப் பார்க்கலாம்: ‘பராமரிப்புக் கையேட்டின் தமிழாக்கம், 30,000 சொற்கள், ஜூன் 10 அன்று உற்பத்திப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். சொல்லுக்கு 2 ரூபாய் வீதம் 60,000 ரூபாய். டி.டி.எஸ். 6,000 போக 54,000 ரூபாயை ஜூலை 10-க்குள் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்த வேண்டுகிறேன். பில் எண் 14 இணைப்பில் உள்ளது.’

இரண்டு தொகையையும் எழுதுவதில் காரணம் உண்டு. தொழில்முறைக் கட்டணம் ஒரே நிறுவனத்திடமிருந்து நிதியாண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால், பொதுவாக 10 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பான் எண் தராவிட்டால் பிடித்தம் 20 சதவீதமாகிவிடும். கணக்கில் 54,000 வந்ததும் ‘குறைத்துவிட்டார்களே’ என்று சண்டைக்குப் போவதைவிட, அந்த 6,000 வருமான வரித் துறையில் உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பிறகு பார்ப்பது நல்லது.

வங்கி விவரத்தில் கவனம் கணக்கு எண்ணில் இருக்கட்டும். நெஃப்ட் முறையில் பணம் எண்ணைப் பார்த்துத்தான் வரவாகும். பெயர் சரியாக இருப்பது மட்டும் காப்பாற்றாது. ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டுக்கு 11 இடங்கள். ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அந்த இடத்தில் ‘ஓ’ எழுத்தைத் தட்டிவிடுவது வழக்கமான தவறு.

எல்லாவற்றிலும் கனமான வரி, வேலையை ஒப்படைத்த தேதி. பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு தொழில் என்றால் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் துணைக்கு வரும். ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். அதிலிருந்து, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள்தான் கெடு. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். அந்தக் கணக்கு தொடங்கும் இடம் ‘ஜூன் 10’தான்.

‘30 நாளில்’ என்று எழுதினால் எந்த நாளிலிருந்து என்ற கேள்வி எழும். தேதியையே எழுதிவிடுங்கள்.