ஒரு கோடியில் எது அடங்கும்?

வாழப்பாடியிலும் ஆத்தூரிலும் சேகோ ஆலை நடத்துபவர்களுக்குச் செலவழிக்க வழிகள் ஏராளம். கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கலாம். மழைநாளில் களத்தை நம்பாமல் உலர்த்தும் எந்திரம் வாங்கலாம். கூரையில் சோலார் போடலாம். எல்லாமே லாபம் தருபவைதான். ஆனால் வங்கி கொடுப்பதும் கையிருப்பும் சேர்ந்து ஒரு கோடியோடு நின்றுவிடும். இந்த நிலைக்கு நிதியியலில் மூலதனப் பங்கீடு என்று பெயர்.

கற்பனையாக ஓர் ஆலையின் கணக்கைப் பார்ப்போம். எரிவாயுக் கலன் அமைக்க 60 லட்சம் ஆகிறது. அதனால் விறகிலும் மின்சாரத்திலும் ஆண்டுக்கு 15 லட்சம் மிச்சம், பத்தாண்டுகளுக்கு. நாளைய ரூபாய் இன்றைய ரூபாயைவிட மதிப்புக் குறைந்தது. 12 சதவீத வட்டியில் கழித்தால் அந்த மிச்சமெல்லாம் இன்றைய மதிப்பில் சுமார் 85 லட்சம். இதை 60ஆல் வகுத்தால் 1.42 வரும். இதுவே லாபக் குறியீடு: போடும் ஒவ்வொரு ரூபாயும் இன்றைய மதிப்பில் எவ்வளவாகத் திரும்புகிறது என்ற அளவு. ஒன்றுக்குக் கீழே போனால் அந்தத் திட்டம் வேண்டாம்.

இதே முறையில், உலர்த்தும் எந்திரத்துக்கு 50 லட்சம் போட்டால் 68 லட்சம் திரும்பும், குறியீடு 1.36. சோலாருக்கும் 50 லட்சம், திரும்புவது 65 லட்சம், 1.30. தோலுரிக்கும் எந்திரத்துக்கு 25 லட்சம், திரும்புவது 30 லட்சம், 1.20.

குறியீட்டு வரிசைப்படி முதலில் எரிவாயு. மீதி 40 லட்சத்தில் உலர்த்தியும் அடங்காது, சோலாரும் அடங்காது. தோலுரிப்பு மட்டும் அடங்கும். நிகர ஆதாயம் 25ம் 5ம் சேர்ந்து 30 லட்சம். 15 லட்சம் சும்மா கிடக்கிறது. முதலிடம் பிடித்த எரிவாயுவை ஒதுக்கிவிட்டு உலர்த்தியையும் சோலாரையும் எடுத்தால்? ஒரு கோடியும் செலவாகி, 18ம் 15ம் சேர்ந்து 33 லட்சம் ஆதாயம். முதலிடத்துக்காரர் தேர்வாகாமல் போவது விசித்திரமாகத் தெரியலாம். திட்டங்களைத் துண்டுபோட முடியாது என்பதே காரணம். உலர்த்தியில் ஐந்தில் நான்கு பங்கு வாங்க முடிந்திருந்தால் வரிசையே சரியாக இருந்திருக்கும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் லோரியும் சேவேஜும் 1955இல் மூலதனப் பங்கீட்டின் சிக்கல்களை அலசினார்கள். பின்னர் வைன்கார்ட்னர் இதை முழு எண் நிரலாக்கக் கணக்காக மாற்றினார். நான்கு திட்டங்களென்றால் பதினாறு சேர்க்கைகள்தான், ஒரு தாளிலேயே போட்டுப் பார்த்துவிடலாம். இருபது திட்டங்களென்றால் பத்து லட்சத்துக்கும் மேல். அதற்குக் கணினி வேண்டும்.

இருந்தாலும் மூன்று லட்ச வித்தியாசத்தை அப்படியே நம்பிவிடக்கூடாது. மரவள்ளி வரத்து குறைந்து ஆலை ஓடும் நாட்கள் சுருங்கினால், எந்திரம் உலர்த்த மாவும் குறையும். அதன் வரவு பத்து சதவீதம் சரிந்து, மற்றவை அப்படியே இருந்தால், ஆதாயம் 18 லட்சத்திலிருந்து 11 லட்சமாக இறங்குகிறது. அப்போது உலர்த்தியும் சோலாரும் சேர்ந்து தருவது சுமார் 26 லட்சம்தான். 30 லட்சம் தரும் பழைய ஜோடி மீண்டும் முந்திவிடுகிறது.