குளிப்பாட்டிக் கொண்டுவராதீர்கள்

மகள் தூக்குப் போட்டுக்கொண்டாள் என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து விடியற்காலையில் போன் வருகிறது. கல்யாணமாகி நான்காவது வருஷம். பெற்றோர் போய்ச் சேர மணி ஒன்பது. அதற்குள் உடலை இறக்கி, கழுத்துக் கட்டை அவிழ்த்து, மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, புதுப்புடவை சுற்றிக் கூடத்தில் கிடத்திவிட்டார்கள். மதியம் என் மேசைக்கு வந்தது அந்த உடல்தான். இப்படிக் கழுவித் துடைத்த உடல்களை அரசு மருத்துவமனைப் பிணவறையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

தண்ணீரோடு போனவை

உயிரோடு தொங்கியவரின் வாயோரத்திலிருந்து எச்சில் வழிந்து, முடிச்சுக்கு எதிர்ப்பக்கமாக மார்பிலும் துணியிலும் காய்ந்திருப்பதுண்டு. கொன்றுவிட்டுத் தூக்கி மாட்டிய உடலில் பொதுவாக அது இருக்காது. அந்தப் பெண்ணின் உடலில் அதைத் தேட வழியே இல்லை. நகக்கண்ணில் ஏதாவது ஒட்டியிருந்ததா என்பதும் போயிற்று.

கழுத்துத் தழும்பு மட்டும் தண்ணீருக்குப் போகாது. தூக்கில் அது பெரும்பாலும் குரல்வளைக்கு மேலே சாய்வாக ஏறி, முடிச்சருகே விட்டுப்போயிருக்கும். கயிற்றால் நெரித்திருந்தால் கீழே, கழுத்தைச் சுற்றிலும் ஓடும். இவளுக்குச் சாய்வாகவே இருந்தது. தூக்கில் தொங்கியதால் வந்த மரணம் என்று எழுதினேன். ஆனால் கழுத்தில் இருந்த பழைய புடவையை எரித்துவிட்டார்கள். எப்படிப்பட்ட முடிச்சு, யார் போட்டது என்று அவள் அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

காதில் விழும் கதைகள்

பிரேதப் பரிசோதனை என்றதும் “உறுப்பைத் திருடிவிடுவார்கள்” என்ற பயம்தான் முதலில் வரும். ரத்த ஓட்டம் நின்று பல மணி நேரமான உடலின் சிறுநீரகமும் கல்லீரலும் யாருக்கும் பொருத்த உதவாது. விஷம் இருக்கிறதா என்று பார்க்க இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகத்தில் ஒரு பகுதியை எடுத்து, பாட்டிலில் அடைத்து, சீல் வைத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். அவ்வளவுதான்.

முகம் சிதைந்துவிடும் என்பார்கள். முகத்தில் நாங்கள் கத்தி வைப்பதில்லை. தலையை உச்சி வழியாகக் காதுக்குக் காது திறந்து, மறுபடி தைத்துவிடுவோம். முடி மூடிக்கொள்ளும்.

“வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள்” என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லியிருப்பார். சந்தேக மரணத்தில் பரிசோதனைக்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. அவசரமாக எரிப்பதுதான் மிகப் பெரிய கேடு. புதைத்த உடலை மாஜிஸ்திரேட் உத்தரவில் தோண்டி எடுத்துப் பார்க்கலாம், சாம்பலில் என்ன பார்ப்பது?

தைக்க, துணி சுற்ற என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் கிடையாது. மருத்துவரிடமே வந்து சொல்லுங்கள்.

எதைக் கேட்கலாம், எப்போது?

கத்தி வைப்பதற்கு முன்பு கேளுங்கள். அந்த அம்மா வீடியோ கேட்டு வந்தது காரியம் முடிந்த பிறகு.

போலீஸ் நடத்தும் பிரேத விசாரணையில் உங்கள் சந்தேகத்தை எழுதிக் கொடுத்து, அதற்கு ரசீது வாங்குங்கள். பெண் இறந்தது கல்யாணமான ஏழு வருஷத்துக்குள் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்க வேண்டும். அதை நடத்துபவர் கூடியமட்டும் பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் தகவல் சொல்லி, உடனிருக்க விட வேண்டும் என்கிறது சட்டம். வரதட்சணை, அடி, கடைசி போன் பேச்சு எல்லாவற்றையும் அங்கே சொல்லுங்கள். அந்த விசாரணைத் தாள் எங்கள் கைக்கு வந்தால்தான் எங்கே தேட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். வாசலில் அழுதுகொண்டே யாரிடமோ சொன்னது எங்களுக்கு எட்டாது.

இரண்டு மருத்துவர்கள் செய்ய வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்கலாம். போலீஸ் காவலில் நடந்த மரணமென்றால் நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். மறுபரிசோதனை வேண்டுமானால் உயர் நீதிமன்றம் போக வேண்டும்; அதுவரை உடலை வாங்கக் கூடாது. நாம் சொல்லும் மருத்துவரைச் சேர்க்க வேண்டும் என்பது மட்டும் எளிதில் நடக்காது. 2022-இல் கள்ளக்குறிச்சி மாணவி மரணத்தில் மறுபரிசோதனைக்கு உத்தரவிட்ட நீதிமன்றம், பெற்றோர் கேட்ட மருத்துவரைச் சேர்க்கவில்லை.

பரிசோதனைச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்குங்கள். “ரசாயனப் பரிசோதனை முடிவுக்குப் பின் கருத்து” என்று இருந்தால் வழக்கு முடிந்துவிட்டதென்று விட்டுவிடாதீர்கள். ஆய்வக முடிவு வர வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். வந்ததா என்று ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டே இருங்கள்.

தயவுசெய்து

உயிர் இருக்குமோ என்று துளி சந்தேகம் இருந்தாலும் உடனே இறக்கி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அப்போதும் முடிச்சை அவிழ்க்காமல், அதைவிட்டுத் தள்ளி அறுங்கள். உயிர் போய்விட்டது உறுதியென்றால் போலீஸ் வரும்வரை தொடாதீர்கள். குளிப்பாட்டாதீர்கள், துணி மாற்றாதீர்கள். வெளியூர் சொந்தம் வரட்டும் என்று மருந்து ஏற்றிப் பதப்படுத்திவிடாதீர்கள். அந்த மருந்து பல விஷங்களின் தடயத்தை மறைத்துவிடும். புடவையோ கயிறோ, முடிச்சோடு அப்படியே போலீஸ் கையில் சேரட்டும். மஞ்சளும் புதுப்புடவையும் பரிசோதனை முடிந்து உடல் உங்கள் கைக்கு வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். அதற்கு நேரம் இருக்கிறது.