முகத்தை உரித்தது போதும்

எடுத்துக்காட்டுக்கு ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். வயது 26. வீடு ஆவடியில், வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏசி அலுவலகத்தில். துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு, சி.டி.எச். சாலைத் தூசியில் தினமும் ஸ்கூட்டியில் போய்வருகிறாள். மூக்கோரக் கரும்புள்ளிகளுக்காக 2 சதவீத சாலிசிலிக் அமிலம் உள்ள ஃபேஸ்வாஷ் வாங்கினாள். காலையிலும் இரவிலும் அதுதான். பிறகு 10 சதவீத கிளைகாலிக் அமில சீரம் வந்தது. வாரம் இரண்டு இரவு என்று தொடங்கியது, தினமும் என்றானது. ஞாயிற்றுக்கிழமைகளில் வால்நட் ஸ்க்ரப்.

மூன்றாம் வாரத்தில் முகம் மினுமினுத்தது. 'என்னடி, பளபளன்னு இருக்கே' என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். ஐந்தாம் வாரம் வாயோரத்திலும் மூக்கோரத்திலும் தோல் பொருக்குப் பொருக்காக உரிந்தது. இறந்த செல் இன்னும் மிச்சமிருக்கிறது என்று நினைத்து ஸ்க்ரப்பை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். அடுத்த வாரம், இரண்டு வருடமாகப் பூசிவந்த மாய்ஸ்சுரைசரே மிளகாய் பட்டதுபோல எரிந்தது.

அவளைக் கேட்டால் 'ஒரு சீரம்தானே போடறேன்' என்பாள். எண்ணிப் பார்த்தால் அவள் முகம் வாரத்துக்கு 22 முறை உரிக்கப்பட்டிருக்கிறது: ஃபேஸ்வாஷால் 14, சீரத்தால் 7, ஸ்க்ரப்பால் 1.

உள்ளே என்ன உடைந்தது?

தோலின் ஆக மேல் அடுக்கை செங்கல் சுவர் என்று விளக்குவது வழக்கம். அமெரிக்கத் தோல் மருத்துவர் பீட்டர் எலியாஸ் பரவலாக்கிய உவமை இது. இறந்து தட்டையான செல்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் கலந்த கொழுப்புச் சாந்து. முகத்தில் இந்தச் சுவர் ஒரு தாளைவிட மெல்லியது. உடம்பின் ஈரம் வெளியே ஓடாமலும், வெளியே இருக்கும் சோப்பு, தூசி, கிருமி உள்ளே நுழையாமலும் காப்பது இதுதான். விளம்பரங்கள் 'ஸ்கின் பேரியர்' என்று சொல்வதும் இதைத்தான்.

இறந்த செல் என்றால் குப்பை என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. சுவரே இறந்த செல்களால் ஆனது. கிளைகாலிக் போன்ற அமிலங்கள் செல்களைப் பிணைத்திருக்கும் கொக்கிகளைத் தளர்த்துகின்றன. ஸ்க்ரப் அவற்றைப் பிய்த்தெடுக்கிறது. அளவோடு செய்தால், தானாக உதிர வேண்டியவை சற்று முன்னதாக உதிரும். அளவு மீறினால் இன்னும் முதிராத செங்கற்களும் சாந்தும் சேர்ந்து போகும். ஈரம் கசிந்து தோல் இழுத்துப் பிடிக்கும். வெளிப்பொருள் உள்ளே போய் எரியும்.

இந்தச் சுவருக்குக் கொத்தனார் வெளியிலிருந்து வர வேண்டாம். கசிவு தெரிந்ததும் தோல் சில மணி நேரத்தில் புதிய சாந்து தயாரிக்கத் தொடங்கிவிடும். ஆரோக்கியமான இளம் தோலில், ஒரே ஒரு தடவை ஏற்பட்ட சேதம் மூன்று நான்கு நாளில் பெரும்பாலும் சரியாகிவிடும். வயதானவர்களுக்கு இன்னும் நாளாகும். நம் ஆவடிப் பெண்ணுக்கு ஏன் ஆறவில்லை? இன்று பூசிய சாந்து காயுமுன் நாளை இரவு அடுத்த அமிலம் விழுந்ததால்தான். ஆகவே சிகிச்சையின் பெரும்பகுதி, எதையும் செய்யாமல் இருப்பது.

நம் நிறத்தில் எப்படித் தெரியும்?

வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டும் செக்கச்செவேல் முகத்தை மாநிறத் தோலில் தேடினால் ஏமாந்துபோவோம். நமக்குச் சிவப்பு மங்கலாகவே தெரியும். செம்பு நிறமாகவோ சாம்பல் பூத்தாற்போலவோ இருக்கும். கண்ணைவிட உணர்ச்சியே நம்பகமான அடையாளம். வெறும் தண்ணீரும் வியர்வையும் சுருக்கென்று எரியும். கழுவிய ஐந்து நிமிடத்தில் முகம் இறுகும். முன்பு ஒத்துக்கொண்ட க்ரீம் இப்போது ஒத்துக்கொள்ளாது. மேலே எண்ணெய் வழியும், உள்ளே வறண்டிருக்கும்.

இன்னொன்று, அந்தப் பளபளப்பு. ஆரோக்கியமான தோலில் மெல்லிய கோடுகளும் துளைகளும் தெரியும். அதிகம் உரிந்த தோல் மெழுகுத்தாள் ஒட்டியதுபோல வழுவழுவென்று மின்னும். பக்கத்து வீட்டு அக்கா பாராட்டியது அதைத்தான்.

எரிச்சலைவிட அரிப்பு அதிகமாக இருந்தாலோ, க்ரீம் படாத இடத்துக்கும் பரவினாலோ, கண்ணிமை வீங்கினாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்குக் கீழே சொல்லும் திட்டம் மட்டும் போதாது.

போர் தண்ணீரும் துப்பட்டாவும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பல வீடுகளில் குளிப்பது போர் தண்ணீரில். பக்கெட்டில் வெள்ளைப் படிவும், குழாய் வாயில் உப்புத் திட்டும், நுரைக்க மறுக்கும் சோப்பும் இருந்தால் அது கடின நீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து தோலில் பிசுக்காகப் படியும். நல்ல தோல் இதைத் தாங்கும். உடைந்த தோலில் அந்தப் பிசுக்கே எரிச்சலூட்டும். மேலும் சாதாரண சோப்பு காரத்தன்மை கொண்டது, தோலோ இலேசான அமிலத்தன்மை உடையது. அந்த அமிலநிலையில்தான் சாந்து ஒழுங்காக உருவாகும்.

இதற்காக வீட்டுக்கே மெஷின் பொருத்த வேண்டியதில்லை. குணமாகும்வரை, முகத்தைக் கடைசியாக அலச மட்டும் ஒரு மக் கேன் தண்ணீர் போதும். வெந்நீர் வேண்டாம்.

துப்பட்டா வெயிலைத் தடுக்கும், ஆனால் வியர்வையில் நனைந்து தூசியோடு உரசும்போது அதுவே ஒரு ஸ்க்ரப். மெல்லிய பருத்தித் துணியாக, தினமும் துவைத்ததாக இருக்கட்டும். வியர்வையைத் துடைக்காமல் ஒற்றி எடுங்கள்.

நான்கு வாரத் திட்டம்

முதலில் நிறுத்த வேண்டியவை: அமில ஃபேஸ்வாஷ், சீரம், ஸ்க்ரப், ரெட்டினால், வைட்டமின் சி, பென்சாயில் பெராக்சைடு. பார்லரில் ஃபேஷியல், ப்ளீச், முகத்தில் வேக்ஸிங், த்ரெடிங். வீட்டில் எலுமிச்சை, கடலை மாவு, முல்தானி மிட்டி, காபித்தூளும் சர்க்கரையும். 'இயற்கைதானே' என்று எலுமிச்சையை விட்டுவைக்க வேண்டாம். அதன் சாறு பல சீரங்களைவிடக் கடுமையான அமிலம். டாக்டர் எழுதிக்கொடுத்த பருக்களுக்கான மருந்து இருந்தால் அவரிடம் கேட்டு நிறுத்துங்கள்.

மிஞ்சுவது நான்கே பொருள்: மென்மையான க்ளென்ஸர், மாய்ஸ்சுரைசர், சன்ஸ்கிரீன், சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி.

காலை: வெறும் தண்ணீரில் அலசி, துண்டால் ஒற்றி, ஈரம் முழுதும் காயுமுன் மாய்ஸ்சுரைசர். வாசனை சேர்க்காததாக, கிளிசரினோ செராமைடோ உள்ளதாக இருக்கட்டும். வெளியே போகுமுன் ஜிங்க் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம். அதுவும் எரிந்தால் சில நாள் குடையும் துப்பட்டாவும் போதும்.

இரவு: நுரை அதிகம் வராத க்ளென்ஸரால் ஒரே தடவை, விரல் நுனியால் மட்டும். கேன் தண்ணீரில் அலசல். மாய்ஸ்சுரைசர். அதன்மேல், எரிகிற இடங்களில் மட்டும் ஒரு பட்டாணி அளவு பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய படலமாக. ஈரம் கசிவதை இதைப்போலத் தடுக்கும் மலிவான பொருள் வேறில்லை. அதன் அடியில் சுவர் தன் பழுதுபார்ப்பைத் தொடரும். ஆனால் சென்னைப் புழுக்கத்தில் முகம் முழுதும் அப்பினால் வேர்க்குரு வரலாம். பரு வரும் நெற்றியிலும் தாடையிலும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், அது சிலருக்குத் துளைகளை அடைக்கும்.

மாய்ஸ்சுரைசரும் எரிகிறதா? முதல் மூன்று நாள் அதையும் விட்டு, ஜெல்லி மட்டும் பூசுங்கள். அதில் தண்ணீரோ வாசனையோ இல்லாததால் எரிவது அபூர்வம்.

முதல் வாரத்தில் தண்ணீர் பட்டால் எரிவது குறைய வேண்டும். இரண்டாம் வாரத்தில் இறுக்கமும் பொருக்கும் தணியும். உரியும் தோலைப் பிய்க்காதீர்கள். இடையில் சில பருக்கள் எட்டிப்பார்க்கலாம், அதற்காக சீரத்தைத் திரும்ப எடுத்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நான்கு வாரத்தில் பெரும்பாலோருக்குச் சுவர் தேறிவிடும். எரிந்த இடத்தில் விழுந்த கருமை மட்டும் மாதக் கணக்கில் நிற்கும். அது வேறு பிரச்சினை. தேறாத தோலில் அதற்கு மருந்து போட்டால் இன்னும் கறுக்கும்.

மெடிக்கலில் தரும் டியூப்

முகம் எரிகிறது என்று மெடிக்கலில் கேட்டால், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு கலந்த க்ரீமை எடுத்துத் தரும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரே இரவில் எரிச்சல் அடங்கும், நிறம்கூட வெளுத்ததுபோல் தெரியும். அங்கேதான் சிக்கல். ஸ்டீராய்டு அழற்சியை அடக்குமே தவிர சுவரைக் கட்டாது. தொடர்ந்து பூசினால் தோலையே மெலிதாக்கும். நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகச் சிவந்து எரியும், மறுபடி டியூபைத் தேட வைக்கும். 'சோன்', 'சால்' என்று முடியும் பெயர் உறையில் தெரிந்தால், டாக்டரைக் கேட்காமல் முகத்துக்கு வேண்டாம். ஏற்கெனவே பல வாரம் பூசியிருந்தால் திடீரென்று நிறுத்துமுன்னும் டாக்டரைப் பாருங்கள்.

நீர் கசிதல், தேன் நிறப் பொருக்கு, கொத்துக் கொத்தான வலிமிக்க கொப்புளம், கண்ணோ உதடோ வீங்குதல், காய்ச்சல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். எல்லாவற்றையும் நிறுத்தி இரண்டு வாரமாகியும் மாற்றமே இல்லை என்றாலும் அப்படித்தான். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. எஸ்டேட்டில் வேலை செய்து இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் தங்கள் டிஸ்பென்சரி வழியாகப் போகலாம். வீட்டில் பூசிய எல்லாப் புட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயரைச் சொல்வதைவிட அது உதவும்.

திரும்பத் தொடங்குவதானால்

மாய்ஸ்சுரைசர் தொடர்ந்து இரண்டு வாரம் எரியாமல் இருந்த பிறகே அமிலத்தைப் பற்றி யோசிக்கலாம். ஒரே ஒரு பொருள். முதலில் காதின் பின்புறமோ தாடை ஓரமோ மூன்று இரவு. பிறகு முகத்தில் வாரம் ஓர் இரவு, இரண்டு வாரத்துக்கு. ஒத்துக்கொண்டால் இரண்டு இரவு, அதற்குமேல் பெரும்பாலோருக்குத் தேவையில்லை. சீரத்தில் அமிலம் இருந்தால் ஃபேஸ்வாஷில் வேண்டாம். ஃபேஸ்வாஷில் இருந்தால் சீரத்தில் வேண்டாம்.

நம் ஆவடிப் பெண்ணின் கணக்கு இப்போது வாரத்துக்கு 22 அல்ல, 1. கரும்புள்ளிகள் முழுதாகப் போகாது. மூக்கின் துளைகளில் எண்ணெய் வருவது தோலின் இயல்பு, இன்று எடுத்தாலும் சில வாரத்தில் நிறையும். அந்த வால்நட் ஸ்க்ரப்பை முகத்துக்கு எடுக்க வேண்டாம். குதிகால் வெடிப்பின் ஓரத்தில் தடித்த தோலைத் தேய்க்க அது உதவும். அந்தத் தோல் தாங்கும்.