மூன்று கோப்புகள், ஒரு கூட்டம்

பிரிண்டர் விற்கும் ஒரு நிறுவனத்தில் காலாண்டுக் கூட்டம் நடக்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை, சர்வீஸ், கணக்கு என மூன்று பிரிவுகளும் தனித்தனியே பவர்பாயிண்ட் கோப்புகளை அனுப்பிவிட்டன. இவற்றை அரைமணி நேரப் பேச்சாகத் தொகுக்கும் பொறுப்பு ஒருவருக்கு. மூன்றையும் ஒன்றாக ஒட்டி, திரும்ப வரும் ஸ்லைடுகளை உடனே நீக்கிவிடத்தான் கை பரபரக்கும். அந்த அவசரம்தான் ஆபத்து.

விற்பனைப் பிரிவின் ஸ்லைடு, முதல் காலாண்டு விற்பனை 1.18 கோடி ரூபாய் என்கிறது. அதே தலைப்பில் கணக்குப் பிரிவு காட்டுவது 1 கோடி. இரண்டில் ஏதோ ஒன்று தப்பு என்று தோன்றும். உண்மையில் இரண்டும் சரி. முதல் தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறது, இரண்டாவதில் இல்லை.

சர்வீஸ் பிரிவின் சிக்கல் கண்ணில் படாதது. வெளிநாட்டுத் தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பும் பழக்கத்தில், அவர்களுக்கு முதல் காலாண்டு என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. மற்ற இரு பிரிவுகளுக்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரை. விற்பனை ஏறியதையும் புகார் குறைந்ததையும் அடுத்தடுத்துக் காட்டினால், வெவ்வேறு மாதங்களை முடிச்சுப் போட்ட கதையாகிவிடும்.

ஆகவே சொற்களைத் தீர்த்துக்கொண்ட பிறகே நீக்கும் வேலை. அதற்கு ஓர் எக்செல் தாள் போதும். ஸ்லைடுக்கு ஒரு வரிசை: யாருடையது, எத்தனையாவது, தலைப்பு என்ன, அது சொல்லவருவது என்ன. கடைசிக் கட்டத்தை ஒரே வாக்கியத்தில், எண்ணையும் மாதத்தையும் சேர்த்து எழுத வேண்டும். வாக்கியம் ஒன்றானால்தான் ஸ்லைடும் ஒன்று. 'வாடிக்கையாளர் குரல்', 'புகார் நிலவரம்' என்று பெயர் மாறி வந்த இரட்டைகளும் இங்கே சிக்கும். பவர்பாயிண்டின் அவுட்லைன் வியூவை மட்டும் நம்பி இந்தத் தாளை நிரப்பக் கூடாது. தலைப்புக்கான கட்டத்தில் எழுதாமல் தனி டெக்ஸ்ட் பாக்ஸில் எழுதிய தலைப்புகள் அதில் தெரியாது.

பிறகு மூவரும் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள்: விற்பனை என்றால் ஜிஎஸ்டி நீங்கலாக, காலாண்டு என்றால் ஏப்ரல் முதல். எண்களைத் திருத்த வேண்டியவர் அந்தந்த ஸ்லைடுக்கு உரியவரே. தொகுப்பவர் Ctrl+H அழுத்திச் சொல்லை மாற்றிவிடலாம். அதன் பக்கத்தில் பழைய எண் அப்படியே நிற்கும். படமாக ஒட்டிய வரைபடத்தில் இருக்கும் எழுத்தையும் அந்தக் கட்டளை தொடாது. அத்தகைய வரைபடங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

இப்போது நீக்கலாம். ஆனால் ஸ்லைடுக்குக் கீழே இருக்கும் நோட்ஸ் பகுதியை முதலில் படித்துவிட வேண்டும். விற்பனைப் பிரிவின் 1.18 கோடி ஸ்லைடு இனி தேவையில்லை. ஆனால் ஒரு பெரிய ஆர்டர் ஜூலைக்குத் தள்ளிப்போன விவரம் அதன் நோட்ஸில் மட்டும் இருக்கலாம். அந்த வரியைக் கணக்குப் பிரிவின் ஸ்லைடுக்கு மாற்றிய பிறகு, பழையதைக் கோப்பின் கடைசிக்குத் தள்ளி 'ஹைட்' செய்துவைப்பது நல்லது. வரியோடு எவ்வளவு என்று கூட்டத்தில் யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம்.